காரை கரைந்த பிறகும் கெட்டிலில் மிஞ்சும் வெள்ளைப் பொடி

கெட்டிலின் அடியில் காரை வெள்ளையாகப் படிந்திருக்கிறது. கடையில் வாங்கிய சிட்ரிக் அமிலப் பொடியில் ஒரு கரண்டி போட்டு, தண்ணீர் நிரப்பி, ஒரு கொதி கொதிக்கவிட்டு, இரவு முழுக்க அப்படியே ஊறவிடுகிறோம். காலையில் பார்த்தால் பழைய சொரசொரப்பைக் காணோம். அதற்குப் பதிலாக மாவு தூவியதுபோல் வெள்ளையாக ஒரு படலம் தட்டோடு ஒட்டிக்கிடக்கிறது. காரை இன்னும் போகவில்லை என்று நினைத்து மறுபடியும் அதே அமிலத்தைப் போட்டுக் கொதிக்கவிடுவார்கள். படலம் இன்னும் தடிக்கும்.

அந்தப் படலம் பழைய காரையே அல்ல. முந்தின இரவு அந்தக் கெட்டிலுக்குள்ளேயே புதிதாக உண்டான வேறொரு உப்பு. பொடியின் அளவு, தண்ணீரின் சூடு, ஊறவிட்ட நேரம் மூன்றும் பிசகியதால் வந்தது. எந்த அமிலத்தை எவ்வளவு, எந்தச் சூட்டில், எத்தனை நேரம் என்று தெரிந்துகொண்டால் இது நேராது. அதற்கு முதலில் காரை எப்படிப் படிகிறது என்று பார்க்க வேண்டும்.

பத்துமலைக்குப் போனவர்கள் குகையின் கூரையிலிருந்து கல் விழுதுபோல் தொங்குவதைப் பார்த்திருப்பார்கள். கெட்டிலில் நடப்பதும் அதே வேலைதான். கரியமில வாயு கலந்த மழைநீர் சுண்ணாம்புக் கல்லைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்து, கால்சியம் பைகார்பனேட் என்ற கரையும் வடிவில் சுமந்துவருகிறது. குகைக்குள் சொட்டும்போது வாயு வெளியேறிவிடுகிறது. அதன் பிறகு நீரால் அந்தச் சுமையைத் தாங்க முடியாது. சுண்ணாம்பு மறுபடியும் கல்லாகிவிடுகிறது. குகையில் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் பிடிக்கும் வேலையைக் கெட்டில் ஐந்து நிமிடத்தில் செய்கிறது, ஏனென்றால் கொதிக்கும் நீரில் வாயு தங்காது:

```
Ca(HCO3)2 → CaCO3 + CO2 + H2O
```

இதில் வரும் CaCO3, அதாவது கால்சியம் கார்பனேட், சுத்தமான தண்ணீரில் லிட்டருக்கு ஏறக்குறைய 15 மில்லிகிராம்தான் கரையும். சர்க்கரையைப்போல் சூட்டில் கூடுதலாகக் கரையும் பொருளும் அல்ல. சூடு ஏற ஏற அதன் கரைதிறன் குறையும். அதனால்தான் படிவு நீரின் நடுவில் உண்டாகாமல் எங்கே அதிகச் சூடோ அங்கே, கெட்டிலின் அடித்தட்டிலும் ஹீட்டரின் சூட்டுக்கம்பி மேலும், போய் ஒட்டுகிறது. பற்காரைபோலவே படிப்படியாகத் தடிப்பதால் இங்கே அதைக் காரை என்றே சொல்கிறேன்.

ஊரில் ஆழ்துளைக் கிணற்று உப்புத் தண்ணீரில் சமைத்துப் பழகியவர்களுக்குச் சிங்கப்பூர்த் தண்ணீர் காரை கட்டாத தண்ணீராகவே தோன்றும். ஓரளவு உண்மைதான். புக்கிட் தீமா கருங்கல் மலை. இந்தத் தீவில் நீர்த்தேக்கங்களுக்குச் சுண்ணாம்பைக் கொடுக்கும் பாறை பெரிதாக இல்லை. ஆனால் குழாயில் வருவது மழைநீர் மட்டுமல்ல. ஜோகூர் நீரும், 2005இல் துவாஸில் முதல் ஆலை தொடங்கியதிலிருந்து கடல்நீரைச் சுத்திகரித்து எடுக்கும் நீரும் அதில் கலக்கின்றன. கடல்நீரைச் சவ்வு வழியாக வடித்தால் கிடைப்பது ஏறக்குறைய வெறும் நீர். அதை அப்படியே அனுப்பினால் குழாயை அரிக்கும் என்பதால் தாதுக்களைத் திரும்பச் சேர்த்தே அனுப்ப வேண்டும். எனவே இங்கேயும் காரை உண்டு, மெதுவாக வரும், அவ்வளவுதான். மெதுவாக வருவதால்தான் பலரும் அதைக் கவனிக்காமல் மாதக்கணக்கில் விட்டுவிடுகிறார்கள். நாள் முழுக்க நீரைச் சூடாகவே வைத்திருக்கும் மின்சார ஃபிளாஸ்க்கில் இது இன்னும் சீக்கிரம் தெரியும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு வீட்டில் நாளுக்கு 3 லிட்டர் தண்ணீர் கொதிக்கிறது, லிட்டருக்கு 30 மில்லிகிராம் சுண்ணாம்பு கெட்டிலிலேயே தங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். நாளுக்கு 90 மில்லிகிராம். நான்கு மாதம் நெருங்கும்போது 10 கிராம். அத்தனையும் அடித்தட்டில், சுமார் 150 சதுர செண்டிமீட்டர் பரப்பில் படிந்தால் தடிமன் கால் மில்லிமீட்டர் வரும்.

கால் மில்லிமீட்டர் என்பது நகத்தின் தடிமனைவிடக் குறைவு. இதனால் என்ன கேடு? கரண்ட் பில் எகிறும் என்று சொல்வார்கள். மின்கெட்டிலைப் பொறுத்தவரை அது பெரிய விஷயமில்லை. கம்பி உண்டாக்கும் சூடு வேறெங்கும் போக வழியில்லாததால், கொஞ்சம் தாமதமானாலும் பெரும்பகுதி தண்ணீருக்குத்தான் வந்து சேர வேண்டும். கெடுதல் கம்பிக்கு. 2200 வாட் கெட்டிலில் அந்த 150 சதுர செண்டிமீட்டர் வழியாக அத்தனை சூடும் போக வேண்டும். காரை எவர்சில்வரைவிடப் பத்து மடங்குக்கு மேல் சூட்டைத் தடுக்கும். கணக்கிட்டால் கால் மில்லிமீட்டர் காரைக்கு அடித்தட்டு முன்பைவிட 35 டிகிரிபோலக் கூடுதல் சூட்டில் இருக்கும், அரை மில்லிமீட்டருக்கு 70 டிகிரி. தண்ணீர் இல்லாமல் காயும்போது அணைக்க வேண்டிய பாதுகாப்பு சுவிட்ச், தண்ணீர் இருக்கும்போதே கொதி வருமுன் அணைத்துவிடும். கெட்டில் பாதியில் நின்றுபோகிறது என்றால் முதலில் அடியைத்தான் பார்க்க வேண்டும். புதுக் கெட்டில் வாங்குவது அதற்குப் பிறகு.

இப்போது அமிலத்துக்கு வருவோம். அமிலம் காரையைச் சுரண்டி எடுப்பதில்லை. அது கொடுக்கும் ஹைட்ரஜன் அயனிகள் கார்பனேட்டோடு சேர்ந்து அதைக் கரியமில வாயுவாக்கி வெளியேற்றிவிடுகின்றன. கார்பனேட் போனதும் கல்லாகப் பிணைந்திருந்த கால்சியம் தனியாகி நீரில் இறங்குகிறது:

```
CaCO3 + 2H+ → Ca2+ + H2O + CO2
```

10 கிராம் காரையிலிருந்து இரண்டரை லிட்டர் வாயு வரும். நாம் பார்க்கும் நுரை அதுதான். மூடியைத் திறந்துவைத்துச் செய்ய வேண்டும் என்பதும், விளிம்புவரை நிரப்பக் கூடாது என்பதும் இதனால்தான். நுரையே நல்ல சோதனையும்கூட: படிவின் மேல் ஒரு சொட்டு வினிகர் விட்டால் பொங்குகிறதா, அது கார்பனேட். பொங்கவே இல்லையென்றால் அது சிலிக்காவாகவோ கால்சியம் சல்பேட்டாகவோ இருக்கலாம். வீட்டு அமிலம் எவ்வளவு ஊற்றினாலும் அசையாது. அல்லது அது நாம் பேசத் தொடங்கிய அந்த வெள்ளைப் பொடி.

10 கிராம் காரைக்கு எவ்வளவு சிட்ரிக் அமிலம் தேவை? ஒரு சிட்ரிக் மூலக்கூறு மூன்று ஹைட்ரஜன் அயனிகளைக் கொடுக்க வல்லது. பள்ளிப் பாடக் கணக்குப்படி 13 கிராம் போதும். இந்தக் கணக்கில்தான் பொறி இருக்கிறது. மூன்று அயனிகளையும் கொடுத்துமுடித்த சிட்ரேட்டும், கரைந்து வந்த கால்சியமும் சேர்ந்தால் கிடைப்பது கால்சியம் சிட்ரேட். அது லிட்டருக்கு ஒரு கிராம் அளவுதான் கரையும். 13 கிராம் போட்டு ஒரு லிட்டரில் வினை முழுவதும் முடிந்தால், 10 கிராம் காரைக்குப் பதிலாக ஏறக்குறைய 19 கிராம் கால்சியம் சிட்ரேட் உண்டாகும். கரைந்த ஒரு கிராம் போக மீதி அத்தனையும் வெள்ளைச் சேறு. கரைந்த காரையைவிட வந்த சேறு அதிகம்.

சூடு இதை இன்னும் கெடுக்கிறது. கால்சியம் சிட்ரேட்டும் சூடு ஏறினால் குறைவாகக் கரையும் பொருள். இந்தக் குணத்தைத் தொழிற்சாலைகள் தெரிந்தே பயன்படுத்தின. 1784இல் ஸ்வீடன் நாட்டு வேதியியலர் கார்ல் வில்ஹெல்ம் ஷீலே எலுமிச்சைச் சாற்றிலிருந்து சிட்ரிக் அமிலத்தைப் பிரித்தபோது, சுண்ணாம்பைச் சேர்த்துக் கால்சியம் சிட்ரேட்டாகப் படியவைத்து, பிறகு கந்தக அமிலத்தால் அதிலிருந்து அமிலத்தை மீட்டார். பின்னாளில் ஆலைகளும் இதே வழியில், சூடாக இருக்கும்போதே படிவை வடிகட்டின. சிட்ரிக் அமிலத்தைப் போட்டுக் கெட்டிலைக் கொதிக்கவைத்து இரவெல்லாம் விடுகிறவர், ஷீலே வேண்டுமென்று செய்ததைத் தெரியாமல் செய்கிறார்.

இதிலிருந்து தப்பிக்கும் வழி கணக்கிலேயே இருக்கிறது. அமிலம் தேவைக்கு மேல் தாராளமாக இருந்தால் சிட்ரேட் தன் ஹைட்ரஜன்களை முழுவதும் இழக்காது. அரைகுறையாக ஹைட்ரஜனைப் பிடித்துவைத்திருக்கும் சிட்ரேட்டோடு கால்சியம் நன்றாகவே கரைந்து நிற்கும். கரைசலில் கால்சியம் அதிகம் சேருமுன்பே அதைக் கொட்டிவிட வேண்டும். ஒரே தடவையில் அத்தனையையும் கரைக்கப் பார்க்காமல், இரண்டு சிறு தடவைகளாகச் செய்வதுதான் சரி.

செய்முறை இதுதான். சமையலறைத் தராசு இருந்தால், உலர்ந்த வெறும் கெட்டிலை முதலில் எடைபோட்டு எழுதிக்கொள்ளுங்கள். 300 மில்லிலிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைத்து, மின்தளத்திலிருந்து கெட்டிலை எடுத்துவிட்டு, 700 மில்லிலிட்டர் குழாய்த் தண்ணீரை ஊற்றுங்கள். இங்கே குழாய் நீர் 28 டிகிரிபோல இருப்பதால் கலவை 50 டிகிரிக்கு வரும். கை பொறுக்காத சூடு, ஆனால் கொதியிலிருந்து வெகு தூரம். அதில் 30 கிராம் சிட்ரிக் அமிலத்தைக் கரைத்து, மூடியைத் திறந்து வையுங்கள். உடனே பொரிவது கேட்கும். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கெட்டிலைச் சுழற்றிவிட வேண்டும். காரையின் மேல் ஒட்டும் வாயுக்குமிழிகள் புதிய அமிலம் நெருங்கவிடாமல் தடுக்கும், சுழற்றினால் அவை விலகும். 20 நிமிடம் ஆனதும், இன்னும் பொரிந்துகொண்டிருந்தாலும் சரி, நீர் தெளிவாக இருக்கும்போதே கொட்டிவிடுங்கள். இன்னொரு 30 கிராமில் புதுக் கரைசல் செய்து மறுபடியும் 20 நிமிடம். பிறகு இரண்டு மூன்று முறை அலசி, ஒருமுறை வெறும் தண்ணீரைக் கொதிக்கவைத்துக் கொட்டினால் போதும்.

காய்ந்த பிறகு மறுபடியும் எடைபோடுங்கள். முதல் எடையிலிருந்து எத்தனை கிராம் குறைந்ததோ அத்தனை கிராம் காரை. அதை நாள் கணக்கால் வகுத்தால் உங்கள் வீட்டுத் தண்ணீருக்கு எத்தனை மாதத்துக்கு ஒருமுறை செய்ய வேண்டும் என்று தெரிந்துவிடும். ஊகத்தைவிட இது நம்பகமானது. 2 கிராம்தான் குறைந்தது என்றால், அடுத்த முறை 15 கிராமில் ஒரே தடவை போதும்.

வெள்ளைப் பொடி ஏற்கெனவே படிந்துவிட்டது என்றால் பயப்பட ஒன்றுமில்லை. கால்சியம் சிட்ரேட் உணவிலும் மாத்திரையிலும் சேர்க்கும் பொருள். பெரும்பாலும் ஈரப் பஞ்சால் துடைத்தாலே வந்துவிடும். ஒட்டியிருப்பதைப் புதிய அமிலக் கரைசலில், இம்முறை சூடே இல்லாமல், அரைமணி நேரம் வைத்தால் கரையும். நுரை வராது, கரைவது கார்பனேட் அல்லவே.

வினிகருக்கு இந்தச் சேற்றுச் சிக்கலே இல்லை. அதன் அசிட்டிக் அமிலம் தரும் கால்சியம் அசிட்டேட் தாராளமாகக் கரையும். இரவில் மறந்துவிட்டாலும் எதுவும் படியாது. அதன் குறை வேறு: அமிலம் மென்மையானது, பாதி செலவானதும் வேகம் மிகவும் தளர்ந்துவிடும். 10 கிராம் காரைக்கு 5 விழுக்காட்டு வினிகர் கணக்குப்படி 240 மில்லிலிட்டர். நடைமுறையில் அதற்கு இரண்டு மடங்கு, சம அளவு தண்ணீர் சேர்த்து, சில மணி நேரம் வேண்டும். கொதிக்கவைக்க வேண்டாம், ஆவி கண்ணை எரிக்கும். சமையல் சோடாவையும் வினிகரையும் சேர்த்து ஊற்றும் பழக்கத்தை விட்டுவிடலாம். காரையைக் கரைக்க வேண்டிய அமிலத்தைச் சோடா அங்கேயே தின்றுவிடுகிறது, நுரை மட்டும் மிஞ்சுகிறது.

பித்தளைக் குத்துவிளக்குக்குப் புளி போட்டுத் தேய்க்கும் நம் வழக்கமும் இங்கே கைகொடுக்காது. புளியிலுள்ள டார்டாரிக் அமிலம் பித்தளையின் கறுப்பை அருமையாக எடுக்கும். ஆனால் கால்சியம் டார்டரேட் மிகக் குறைவாகக் கரையும் உப்பு, எனவே சிட்ரிக் அமிலத்துக்குச் சொன்ன அதே சிக்கல்தான்.

காரை நீக்கி என்று விற்கும் பொடிகள் சிலவற்றில் இருப்பது சல்ஃபமிக் அமிலம். வீரியமானது, கால்சியம் உப்பும் நன்றாகக் கரையும். ஆனால் அதையும் கொதிக்கவைக்கக் கூடாது, காரணம்தான் வேறு. 60 டிகிரிக்கு மேல் அது தண்ணீரோடு வினைபுரிந்து மெல்ல அம்மோனியம் பைசல்பேட்டாக மாறும். அதிலிருந்து வரும் சல்பேட் கால்சியத்தோடு சேர்ந்தால் ஜிப்சம். இதைக் கரைக்க எந்த வீட்டு அமிலத்தாலும் ஆகாது; சுரண்டத்தான் வேண்டும். உறையில் வெதுவெதுப்பான நீர் என்று எழுதியிருந்தால் அந்தச் சொல்லை மீறாதீர்கள். கழிப்பறை கழுவும் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைக் கெட்டிலுக்குக் காட்டவே கூடாது. காரை நொடியில் போகும், ஆனால் அமிலத்திலுள்ள குளோரைடு எவர்சில்வரில் ஊசிமுனைத் துளைகளை இடும். எந்த அமிலமானாலும் பிளீச்சோடு கலந்தால் நச்சு வாயு வரும்.

குளியலறை ஹீட்டருக்கு இதே முறையை அப்படியே கொண்டுபோகக் கூடாது. ஷவர் எடுக்கும்போது மட்டும் சுடவைக்கும் உடனடி ஹீட்டரில் நீர் 40 டிகிரிபோலத்தான் ஏறுகிறது. காரை கட்டினாலும் முதலில் தெரிவது ஷவர் தலையின் துளைகளில்தான். அதைக் கழற்றி வினிகரில் ஊறவைத்தால் முடிந்தது. தொட்டி ஹீட்டர் வேறு. 60, 70 டிகிரி நீரை மணிக்கணக்கில் பிடித்துவைத்திருப்பதால் கம்பி மேல் காரை தடிக்கும், உதிர்ந்தது அடியில் சேறாகத் தேங்கும். சுடும்போது உள்ளே பொரிவதுபோலவோ இடிப்பதுபோலவோ சத்தம் வந்தால் அதுதான் அடையாளம்: காரைக்கு அடியில் சிக்கிய நீர் ஆவியாகி வெடித்து வெளியேறுகிறது.

பல தொட்டிகளுக்குள் மக்னீசியக் கம்பி ஒன்று இருக்கும். தொட்டியின் எஃகு துருப்பிடிக்காமல் இருக்கத் தானே அரிக்கப்பட்டுத் தேய்வதுதான் அதன் வேலை. இது உள்ளே இருக்கும்போது அமிலத்தை ஊற்றினால் அமிலம் காரையோடு மட்டும் நிற்காது, மக்னீசியத்தையும் தின்னும்:

```
Mg + 2H+ → Mg2+ + H2
```

24 கிராம் மக்னீசியம் கரைந்தால் 25 லிட்டர்போல ஹைட்ரஜன் வரும். மூடிய தொட்டி, தீப்பற்றும் வாயு, கூடவே காரையிலிருந்து கரியமில வாயு. அழுத்தமும் ஏறும், தொட்டியைக் காக்கும் கம்பியும் போகும். தொட்டி ஹீட்டரை உரிமம் பெற்ற குழாய்ப் பணியாளரிடமும் மின்னியலாளரிடமும் விடுங்கள் என்று அழுத்திச் சொல்வது இதற்காகத்தான்.

அவர்கள் செய்ய வேண்டியது என்ன என்று தெரிந்திருப்பது நல்லது. மின் இணைப்பைத் துண்டித்து, நீர் ஆறும்வரை காத்திருந்து, உள்வரும் வால்வை மூடித் தொட்டியை வடிக்க வேண்டும். சூட்டுக்கம்பியை அது பொருத்தியிருக்கும் தட்டோடு கழற்றி வெளியே எடுத்து, மின்முனைகள் நனையாமல், ஒரு வாளியில் லிட்டருக்கு 30 கிராம் சிட்ரிக் கரைசலில் அமிழ்த்தலாம். கெட்டிலுக்குச் சொன்னதே இங்கும்: கலங்குமுன் கரைசலை மாற்றுவது. தொட்டிக்குள் அமிலம் வேண்டியதில்லை. அடியிலுள்ள சேற்றைக் கையால் அள்ளி, வெறும் நீரால் அலசினால் போதும். மக்னீசியக் கம்பி சுண்டுவிரல் தடிமனுக்கும் கீழே போய் உள்கம்பி தெரிந்தால் புதியது. தட்டுக்கு அடியிலுள்ள ரப்பர் வளையத்தைப் பழையதையே போட்டு மூடச் சொல்லாதீர்கள், அங்கேதான் பிறகு கசியும். கடைசியில் நீரை நிரப்பும்போது சுடுநீர்க் குழாயைத் திறந்துவைத்து, காற்றுச் சீறல் நின்று நீர் தடையில்லாமல் ஓடிய பிறகே சுவிட்சைப் போட வேண்டும். பாதித் தொட்டியில் போட்டால், காரையெல்லாம் போன அந்தச் சுத்தமான கம்பி தண்ணீரைத் தொடாமலே கருகிவிடும்.